மூன்று லெக் போட்டேன், மூன்றாவது எங்கே போனது?

மெல்போர்னில் வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் போதும், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மல்டி சீட்டுகள் வந்து விழ ஆரம்பித்துவிடும். வார இறுதி ஆட்டங்களுக்கு யார் யார் எதை எதைக் கோத்திருக்கிறார்கள் என்ற ஸ்கிரீன்ஷாட்டுகள். நான் பந்தயம் கட்டுகிறவன் இல்லை. ஆனால் எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அது தெரிந்த ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணே, மூணு லெக்கையும் தனித்தனியா பெருக்கினா 6.53 வருது. ஒரே ஆட்டத்துல சேர்த்துப் போட்டா 3.70தான் காட்டுது. பாதி காசு எங்க போச்சு?"

அவரே ஒரு பதிலும் வைத்திருந்தார். "மூணும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டது, அதனால குறைக்கிறாங்க, இல்லையா?"

பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆட்டத்துக்கு முன்னால் ஆப் வழியாகப் பந்தயம் கட்டுவது சட்டப்படியானது. ஒரே ஆட்டத்தின் பல நிகழ்வுகளைக் கோக்கும் 'சேம் கேம் மல்டி'தான் இப்போது விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படும் சரக்கு. இங்கே எழுதுவது அதன் கணக்கை மட்டுமே.

தம்பியின் சீட்டு கால்பந்து. சொந்த மைதான அணி ஜெயிக்கும்; ஆட்டத்தில் மொத்தம் இரண்டரைக்கு மேல், அதாவது குறைந்தது மூன்று கோல்; இரு அணியும் குறைந்தது ஒரு கோல் போடும். இந்த மூன்றும்தான் லெக்குகள். அவர் காட்டிய ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, கணக்கு சுலபமாக ஓட எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். சொந்த அணியிடம் சராசரியாக 1.6 கோல் எதிர்பார்க்கலாம், வந்த அணியிடம் 1.1 என்று வையுங்கள். கொஞ்சம் பலமான அணி தன் ஊரில் ஆடும் சாதாரண ஆட்டம்.

இந்த இரண்டு எண்கள் இருந்தால் பாய்சான் பரவலை வைத்து ஒவ்வொரு ஸ்கோருக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு கட்டம் போட்டுவிடலாம். எக்செலில் ஒரு வரி. 2-1 என்ற ஸ்கோருக்கு:

```
=POISSON.DIST(2,1.6,FALSE)*POISSON.DIST(1,1.1,FALSE)
```

0.0946 வரும், ஏறக்குறைய ஒன்பதரை சதவீதம். இப்படியே 0-0 முதல் 6-6 வரை நிரப்புங்கள். பிறகு எந்த லெக்காக இருந்தாலும், அது பலிக்கும் கட்டங்களைக் கூட்டினால் அதன் வாய்ப்பு கிடைக்கும். சொந்த அணி ஜெயிப்பது 49%. மூன்று கோலோ அதற்கு மேலோ 50.6%. இரு அணியும் கோல் போடுவது 53.2%. நிறுவனம் ஒவ்வொன்றிலும் தனக்கு ஐந்து சதவீதம் எடுத்துக்கொண்டால் விலைகள் 1.94, 1.88, 1.79 என்று வரும். தம்பி பெருக்கிய 6.53 இதிலிருந்துதான்.

இப்போது கட்டத்தில் பென்சிலை எடுத்து முதல் லெக்கும் மூன்றாவது லெக்கும் சேர்ந்து பலிக்கும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். சொந்த அணி ஜெயிக்க வேண்டும், எதிரணியும் ஒரு கோலாவது போட்டிருக்க வேண்டும். 1-0 இல்லை, 2-0 இல்லை. தொடங்குவதே 2-1தான். பிறகு 3-1, 3-2, 4-1 என்று போகிறது. அதில் எந்த ஸ்கோரையாவது எடுத்துக் கூட்டிப் பாருங்கள். மூன்று கோலுக்குக் குறைவாக ஒன்றுகூட வராது.

அதாவது 'இரண்டரைக்கு மேல்' என்ற லெக் அந்தச் சீட்டில் ஒரு வேலையும் செய்யவில்லை. அதை எடுத்துவிட்டாலும் சீட்டு ஜெயிக்கும் ஸ்கோர்கள் மாறாது, தோற்கும் ஸ்கோர்களும் மாறாது. மூன்று லெக் சீட்டு என்று பெயர். உள்ளே இருப்பது இரண்டு.

அந்த வட்டமிட்ட கட்டங்களின் கூட்டு 22.4%. நிறுவனம் ஒரு பைசாவும் எடுக்காமல் தந்தால் விலை 4.47. ஆகவே தம்பி 6.53-ஐ எதிர்பார்த்தது தவறான கணக்கு. யாராவது அந்த விலையைத் தந்தால் அந்த நிறுவனம் சீக்கிரமே கடையை மூட வேண்டியதுதான். முன்பெல்லாம் ஒரே ஆட்டத்தின் ஒட்டிய நிகழ்வுகளைச் சேர்த்துப் போட அவர்கள் விடாததற்குக் காரணமே இதுதான்.

ஆனால் அவர் கையில் வந்தது 4.47 இல்லை, 3.70. 3.70-ஐ 0.224-ஆல் பெருக்குங்கள்: 0.83. போட்ட ஒவ்வொரு டாலரிலும் சராசரியாகப் பதினேழு சென்ட் நிறுவனத்திடம் நின்றுவிடுகிறது. அதே ஆட்டத்தின் அதே நிகழ்வுகளைத் தனித்தனியாகப் போட்டிருந்தால் ஐந்து சென்ட். சம்பந்தமே இல்லாத இரண்டு ஆட்டங்களிலிருந்து ஒவ்வொரு லெக் எடுத்து மல்டி போட்டிருந்தாலும், ஐந்தும் ஐந்தும் பெருகி, பத்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் போயிருக்கும். ஆகப் பத்துக்கும் பதினேழுக்கும் நடுவில் உள்ள ஏழு சென்ட், ஒரே ஆட்டத்தில் கோத்ததற்கான தனிக் கட்டணம். அந்தக் கட்டணம் எந்தத் திரையிலும் எழுதியிருக்காது. 6.53 என்ற எண்ணிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. "சம்பந்தப்பட்ட லெக், அதான் குறைச்சிருக்கான்" என்று அவரே சமாதானம் செய்துகொள்வார். குறைப்பின் பெரும்பகுதி நியாயமானது என்பதால் மிச்சப் பகுதி அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த திருகல் இனிமேல்தான். தம்பி அந்த வீணான லெக்கைப் போடாமல், 'ஜெயிக்கும்', 'இரு அணியும் கோல்' என்ற இரண்டை மட்டும் போட்டிருந்தால்? 1.94-ஐயும் 1.79-ஐயும் பெருக்கினால் 3.47. ஆப் காட்டும் விலை அதே 3.70, ஏனென்றால் பந்தயம் அதேதான். இப்போது அவர் என்ன நினைப்பார்? "அட, பெருக்கினதைவிட அதிகமா குடுக்கறானே!" ஒரே பந்தயம், ஒரே விலை. ஒரு வழியில் பார்த்தால் பாதியைப் பிடுங்கிக்கொண்டது போலவும், இன்னொரு வழியில் பார்த்தால் மேலே போட்டுக் கொடுத்தது போலவும் தெரிகிறது. இரண்டுமே ஏமாற்றும் தோற்றம். இரண்டிலும் போவது அதே பதினேழு சென்ட்.

இது எப்படி? இந்த இரண்டு லெக்குகளும் ஒன்றையொன்று இழுக்கவில்லை, தள்ளுகின்றன. எதிரணி கோல் போட்டுவிட்டது என்று உங்களுக்கு யாராவது காதில் சொன்னால், சொந்த அணி ஜெயிக்கும் என்ற உங்கள் நம்பிக்கை குறையுமா கூடுமா? குறையும். இரு அணியும் கோல் போட்ட ஆட்டங்களை மட்டும் நம் கட்டத்தில் பிரித்துப் பார்த்தால், சொந்த அணியின் வெற்றி 49-லிருந்து 42 சதவீதமாக இறங்குகிறது. இப்படி எதிர்த்திசையில் ஒட்டிய லெக்குகளுக்கு நியாயமான விலை, பெருக்கி வரும் விலையைவிட அதிகமாகவே இருக்க வேண்டும். பெருக்கலைத் தாண்டிக் கொடுக்கிறார்கள் என்பதால் மட்டும் அது நல்ல விலை ஆகிவிடாது. எவ்வளவு தாண்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

புள்ளியியலில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர். கண்டுபிடிக்கச் சூத்திரம் எதுவும் வேண்டாம். மேலே கேட்ட அந்தக் காதில் சொல்லும் கேள்வி போதும். ஒரு லெக் பலித்துவிட்டது என்று தெரிந்தால், மற்றதைப் பற்றிய என் கணிப்பு நகருமா? நகரவில்லை என்றால் ஒட்டு இல்லை. நகர்ந்தால், எந்தப் பக்கம், எவ்வளவு?

சில ஒட்டுகள் பச்சையாகத் தெரியும். ஒரு வீரர் இரண்டு கோல் போடுவார் என்று ஒரு லெக், அதே வீரர் ஒரு கோலாவது போடுவார் என்று இன்னொன்று. ஒன்று மற்றதின் வயிற்றுக்குள் இருக்கிறது. இவற்றைப் பெரும்பாலும் ஆப்பே சேர்க்க விடாது. தம்பியின் சீட்டில் இருந்தது போல இரண்டு லெக் சேர்ந்து மூன்றாவதை விழுங்கும் வகைதான் கண்ணுக்குத் தப்புவது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த இரண்டும் ஒன்றல்ல. மூன்றையும் ஸ்கோர் கட்டத்தில் வைத்தால்தான் தெரிகிறது.

அடுத்தது, எல்லோரும் போடும் ஜோடி: முன்கள வீரர் கோல் போடுவார், அவர் அணி ஜெயிக்கும். அணியின் கோல்களில் முப்பது சதவீதம் அவர் காலிலிருந்து வருகிறது என்று வைத்தால், நம் ஆட்டத்தில் அவர் கோல் போட 38% வாய்ப்பு. அவர் போட்டுவிட்டார் என்றால் அணி வெல்லும் வாய்ப்பு 49-லிருந்து 70-க்கு எகிறுகிறது. குறைந்த கோல் விழும் விளையாட்டில் ஒரே ஒரு கோலுக்கு அவ்வளவு எடை. லாப மார்ஜின் இல்லாத விலைகளைப் பெருக்கினால் 5.36 வரும் இந்த ஜோடிக்கு, உண்மையில் நியாயமான விலை 3.75. இங்கே பெரிய வெட்டு விழுந்தால் கோபப்படக் காரணம் இல்லை. 3.75-க்கும் கீழே எவ்வளவு போயிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளுணர்வு ஏமாறும் இடம் ஒன்றும் இருக்கிறது. 'பலமான அணி ஜெயிக்கும்' என்பதோடு 'அதே அணிக்கு நிறைய கார்னர்' என்று கோப்பவர்கள் பலர். பலமான அணி அதிகம் தாக்கும், அதனால் கார்னரும் வரும் என்ற கணக்கு. ஆட்டத்துக்கு முன்னால் அது சரி; ஆனால் அந்தப் பலம் இரண்டு லெக்கின் தனி விலையிலும் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆட்டம் தொடங்கிய பிறகு நடப்பது வேறு. இரண்டு கோல் முன்னிலை கிடைத்தவுடன் பலமான அணி நிதானமாகிவிடும். பின்தங்கிய அணி முட்டி மோதும், கார்னர் அதன் பக்கம் விழும். நேர்த்திசை என்று நினைத்த ஜோடி கிட்டத்தட்ட ஒட்டே இல்லாமலும் போகலாம், எதிர்த்திசையாகவும் திரும்பலாம். அப்போது பெருக்கி வரும் விலையிலிருந்து குறைப்பதற்கு நியாயமே இல்லை. குறைத்திருந்தால் அது முழுக்க முழுக்க மார்ஜின்.

இந்த விலையை அவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. நாம் காகிதத்தில் செய்ததையே கணினியில் பெரிதாகச் செய்கிறார்கள். ஆட்டத்தைப் பல ஆயிரம் முறை ஓடவிட்டு, உங்கள் லெக்குகள் அத்தனையும் ஒன்றாகப் பலித்த ஓட்டங்களை எண்ணினால் உண்மையான வாய்ப்பு கையில் வந்துவிடும். அதன்மேல் தங்கள் பங்கை வைக்கிறார்கள். ஒட்டுறவை அவர்கள் சரியாகவே கணக்கிடுகிறார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார், பங்கு எவ்வளவு என்பது கண்ணுக்குப் படாததில். வெற்றி, சமன், தோல்வி என்று மூன்று விலை ஒரே திரையில் இருந்தால் பள்ளிக் கணக்கு தெரிந்த யாரும் மார்ஜினைக் கண்டுபிடித்துவிடுவார். மல்டியில் உங்கள் சீட்டுக்கு மட்டும் ஒரு விலை தோன்றுகிறது. அதன் மறுபக்கம் எதுவும் காட்டப்படுவதில்லை.

இந்தச் சரக்கு எவ்வளவு லாபம் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே இதற்கு 'சேம் கேம் பார்லே' என்று பெயர். 2019-இல் ஃபேன்டூயல் கொண்டுவந்தது. ஃபேன்டூயலும் இங்கே நாம் பார்க்கும் ஸ்போர்ட்ஸ்பெட்டும் ஃபிளட்டர் என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். இலினாய் போன்ற சில மாநிலங்களின் சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்புகள் பார்லேயைத் தனியாகப் பிரித்து வெளியிடும் கணக்கில், தனிப் பந்தயத்தில் நிறுவனங்களுக்கு நிற்பதைப் போலப் பல மடங்கு பார்லேயில் நிற்கிறது. அதில் பல ஆட்டங்களைக் கோத்த பார்லேயும் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நான் மேலே பதினேழு சென்ட் என்று வைத்தது மிகையான எண் இல்லை.

சரி, மறுபக்கத்தைக் காட்டவில்லை என்றால் நாமே செய்துகொள்ளலாமே. தம்பிக்கு நான் சொன்ன வழி இது. பாய்சான், எக்செல் எதுவும் வேண்டாம். இரண்டு லெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவை பலிப்பதும் பலிக்காததுமாக நான்கு சேர்க்கைகள் வரும். நான்கையும் ஒவ்வொன்றாக ஆப்பில் கோத்து, பணம் கட்டாமல், விலையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஜெயிக்காது' என்பதற்குச் சமன் அல்லது எதிரணி வெற்றி என்ற இரட்டை வாய்ப்பு லெக் இருக்கும். 'இரு அணியும் கோல்' என்பதற்கு 'இல்லை' என்ற பக்கமும் இருக்கும்.

நம் ஆட்டத்தில் அந்த நான்கு விலைகள் இப்படி வருவதாக வைப்போம். ஜெயிக்கும், இரு அணியும் கோல்: 3.70. ஜெயிக்கும், ஒரு அணியாவது கோல் போடாது: 3.15. ஜெயிக்காது, இரு அணியும் கோல்: 2.70. ஜெயிக்காது, ஒரு அணியாவது கோல் போடாது: 4.10. ஆட்டம் எப்படி முடிந்தாலும் இந்த நான்கில் ஒன்று, ஒன்றே ஒன்று, பலித்தே தீரும். ஒன்றை ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டுங்கள். நியாயமான விலையாக இருந்தால் கூட்டு சரியாக 1 வரவேண்டும். இங்கே வருவது 1.202. ஒன்றை 1.202-ஆல் வகுத்தால் 0.832. டாலருக்குப் பதினேழு சென்ட். கட்டம் போட்டு வந்த அதே விடை, கோல் சராசரியைப் பற்றி எதுவும் ஊகிக்காமலே வந்துவிட்டது. இதையே வெற்றி-சமன்-தோல்வி என்ற சாதாரண விலைகளுக்கும் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோத்ததற்கு எவ்வளவு கட்டணம் என்பது வெளியே வந்துவிடும்.

மூன்று லெக் என்றால் எட்டுச் சேர்க்கை. அதற்கு மேல் பொறுமை போய்விடும், பல சேர்க்கைகளை ஆப்பும் ஏற்காது. வீரர்களின் லெக் வந்தால் இந்த வழி பெரும்பாலும் படுத்துவிடுகிறது. 'இவர் கோல் போடுவார்' என்று விற்பார்கள். 'இவர் கோல் போடமாட்டார்' என்பதை அநேகமாக விற்கமாட்டார்கள். மறுபக்கம் இல்லாத இடத்தில்தான் மார்ஜினைத் தடவிப் பார்க்கவே முடியாது. நட்சத்திர வீரர்களின் பெயர் விளம்பரங்களில் எதற்காக முன்னால் நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு எல்லையும் உண்டு. நான்கு சீட்டுச் சோதனை தருவது சராசரி. பதினேழு சென்ட்டை நான்கு சீட்டிலும் சமமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூட்டம் எந்தச் சீட்டை விரும்பிப் போடுகிறதோ அதில் கூடுதலாகவும், யாரும் சீண்டாத சீட்டில் குறைவாகவும் வைக்க அவர்களால் முடியும். யாரும் 'ஜெயிக்காது, ஒரு அணியாவது கோல் போடாது' என்று வெள்ளிக்கிழமை மதியம் குழுவில் போடுவதில்லை. எல்லோரும் போடுவது தம்பி போட்டதைத்தான்.

கட்டம் போடும் வழிக்கும் குறை இருக்கிறது. இரு அணிகளின் கோல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுகின்றன என்று அது வைத்துக்கொள்கிறது. 0-0, 1-1 போன்ற குறைந்த ஸ்கோர்களில் அது நிஜ ஆட்டங்களோடு சரியாகப் பொருந்தாது என்று டிக்சனும் கோல்ஸும் 1997-லேயே காட்டி, அந்த மூலையில் மட்டும் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதைவிடப் பெரிய பிழை நம் கோல் ஊகத்திலேயே வரலாம். 1.6 என்றது உண்மையில் 1.7 ஆக இருந்தால்? தம்பியின் சீட்டுக்கு நியாயமான விலை 4.47-லிருந்து 4.13-க்கு இறங்கும். 3.70 அதற்கும் கீழேதான். பத்து சென்ட் அப்போதும் போகிறது. ஆனால் நான் பதினேழு என்று அடித்துச் சொன்னது பத்தாகிவிட்டதே! ஊகத்தை நூலளவு நகர்த்தினாலே இவ்வளவு ஆடும் ஒரு எண்ணை வைத்து 'எனக்கு நல்ல விலை கிடைத்துவிட்டது' என்று சொல்கிறவரை நம்புவது கடினம். அதனால்தான் இரண்டு லெக் என்றால் நான்கு சீட்டு வழியையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆப்பைத் திறந்து, அந்த வீணான லெக்கைத் தட்டி எடுத்தார். விலை அசையவில்லை, 3.70. திரும்பச் சேர்த்தார், அதே 3.70. "அப்போ இதை எதுக்குண்ணே சேர்க்க விடறாங்க?" என்றார். மூன்று லெக் என்று குழுவில் போட்டால் இரண்டு லெக்கைவிடப் பார்க்க நன்றாக இருக்கிறதே, அதற்குத்தான் என்றேன்.